மாணவர் வீடியோவுக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

காட்சித் தொடர்பியல் வகுப்புகளில் மாணவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் வேலை, நால்வர் கொண்ட குழு செல்போனில் எடுக்கும் மூன்று நிமிட ஆவணப்படம். இதற்கு மதிப்பெண் போடும்போது விலை உயர்ந்த போன் வைத்திருக்கும் குழு முன்னால் போய்விடுவது உண்டு. நால்வரில் ஒருவரே எல்லா வேலையையும் செய்திருந்தாலும் நால்வருக்கும் ஒரே மதிப்பெண் விழுவதும் உண்டு. ரூப்ரிக் எனப்படும் மதிப்பெண் அட்டவணை இந்த இரண்டையும் தடுக்க வேண்டும்.

நூறு மதிப்பெண்ணைக் கதைக்கு 35, ஒலிக்கு 25, குழுப்பணிக்கு 20, தொழில்நுட்ப அடிப்படைகளுக்கு 20 என்று பிரிக்கலாம். தொழில்நுட்பத்தின் பங்கைக் குறைத்து வைப்பதற்குக் காரணம் உண்டு. ஃபோகஸ், வெளிச்சம், ஆடாத காட்சி, நிறம் மாறாமல் இருப்பது ஆகியவை எந்தப் போனிலும் கைகூடும். இந்தப் பகுதி அவற்றை மட்டுமே பார்க்க வேண்டும். 4கே தெளிவுக்கும் டிரோன் காட்சிக்கும் தனி மதிப்பெண் கிடையாது என்று அட்டவணையிலேயே எழுதிவிடுவது நல்லது.

கதைக்கு மதிப்பிடும்போது, பொருளின் உருக்கத்துக்கு மதிப்பெண் போய்விடும் ஆபத்து அதிகம். முதியோர் இல்லத்தைப் படமெடுத்த குழுவுக்கும் சைக்கிள் கடையைப் படமெடுத்த குழுவுக்கும் கேள்விகள் ஒன்றாகவே இருக்க வேண்டும்: படம் யாரைப் பற்றியது, அவருக்கு என்ன வேண்டும், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் என்ன மாறுகிறது? படம் எதைச் சொல்கிறது என்று குழு ஒரே வாக்கியத்தில் எழுதி முன்கூட்டியே ஒட்டிய உறையில் தரலாம். படத்தைப் பார்த்த ஆசிரியரும் தாம் புரிந்துகொண்டதை ஒரு வாக்கியமாக எழுதிய பின் உறையைப் பிரிக்கிறார். இரண்டும் ஒத்துப்போனால் கதை போய்ச் சேர்ந்திருக்கிறது.

மாணவர் படங்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒலியில்தான். வகுப்பறை மின்விசிறியின் இரைச்சல், மைக்கில் மோதும் காற்று, பேச்சை மூழ்கடிக்கும் பின்னணி இசை ஆகியவை அடிக்கடி வரும் குறைகள். "ஒலித்தரம் நன்று" என்று எழுதினால் ஆளுக்கு ஒரு பொருள் கொள்வார்கள். காதால் சரிபார்க்கக்கூடிய வரிகள் வேண்டும். பேச்சு முழுவதும் முதல்முறை கேட்டதுமே புரிந்து, வெட்டும் இடங்களில் பின்னணி ஒலி திடுக்கென மாறாமல் இருந்தால் மேல்நிலை. ஓரிரு இடங்களில் மட்டும் திரும்பக் கேட்க வேண்டியிருந்தால் நடுநிலை. வசன வரியைப் படித்தால்தான் புரியும் என்றால் கீழ்நிலை. உரத்த பேச்சு கரகரவென்று சிதைந்தால், பதிவின் அளவு உச்சத்தைத் தாண்டியிருக்கிறது என்று அறியலாம். அதை எடிட்டிங்கில் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. எனவே பதிவின்போதே கவனித்திருக்க வேண்டும்.

ஒரே குறைக்கு இரண்டு இடங்களில் மதிப்பெண் குறைப்பது பெரிய அநீதி. செருப்புத் தைப்பவரைப் பற்றிய நல்ல படம் ஒன்றின் நடுவில் பேருந்துச் சத்தம் பேட்டியை விழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறையை ஒலிப் பகுதியில் மட்டும் கழிக்க வேண்டும். கதையை மதிப்பிடும்போது குழு தந்த பேட்டி எழுத்துப்படியைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு குணத்தைப் பற்றிய எண்ணம் மற்ற குணங்களின் மதிப்பீட்டிலும் படிந்துவிடுவதை உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920இல் சுட்டிக்காட்டினார். அழகான காட்சி ஒலிக்கும் மதிப்பெண் வாங்கித் தருவது இப்படித்தான். அதைத் தவிர்க்க, படத்தை முதல் முறை கதைக்காகப் பார்த்து, இரண்டாம் முறை கண்ணை மூடிக் கேட்டு, மூன்றாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கலாம். மூன்று நிமிடப் படத்துக்கு இது பெரிய சுமையல்ல.

குழுப்பணியைப் படத்தைப் பார்த்து அறிய முடியாது. யார் எந்த நாளில் என்ன செய்தார் என்ற பணிக்குறிப்பும், ஒருவரை ஒருவர் மதிப்பிடும் தாளும் தேவை. தாளில் ஒவ்வொருவரும் 30 புள்ளிகளை மற்ற மூவருக்கும் கமுக்கமாகப் பங்கிடுகிறார்கள். எல்லோரும் சமமாக உழைத்திருந்தால் ஒவ்வொருவருக்கும் 30 சேரும். ஒரு குழுவில் 36, 33, 33, 18 என்று வந்தால், அவற்றை 30ஆல் வகுக்க 1.2, 1.1, 1.1, 0.6 கிடைக்கும். குழுப்பணிக்குப் பொதுவாகத் தந்த மதிப்பெண் 15 என்றால், தனித்தனியே 18, 16.5, 16.5, 9 ஆகும். பெருக்கி வருவது 20ஐத் தாண்டினால் 20தான். நண்பர்கள் கூடிப் பேசி ஒருவரை ஒதுக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே ஒருவரின் புள்ளி மிகவும் தாழ்ந்திருந்தால், பணிக்குறிப்போடு ஒப்பிட்டு அவரிடமும் கேட்ட பிறகே அதை ஏற்க வேண்டும்.

அட்டவணையைப் பயன்படுத்தும் முன், இரண்டு ஆசிரியர்கள் முந்தைய ஆண்டின் மூன்று படங்களுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு பகுதியில் இருவருக்கும் பெரிய இடைவெளி வந்தால், சராசரி எடுத்து முடித்துவிடக் கூடாது. அந்தப் பகுதியின் வரிகள் தெளிவாக இல்லை என்பதால் அவற்றைத் திருத்தி எழுத வேண்டும். முடிந்த அட்டவணை, வேலை கொடுக்கும் நாளிலேயே மாணவர் கையில் இருக்க வேண்டும். படம் எடுத்த பிறகு அதில் செய்யும் எந்தத் திருத்தமும் அடுத்த ஆண்டு மாணவர்களுக்கே பொருந்தும்.