பட்டா பெரிதா? பத்திரம் பெரிதா?

"பட்டா என் பெயரில் இருக்கிறது. ஆகவே நிலம் எனக்குத்தான் சொந்தம்!"

இப்படிப் பலர் அடித்துப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இது சரியா? சரியல்ல. பட்டாவை மட்டும் நம்பி நிலம் வாங்குகிறவர், பணத்தையும் இழந்து கோர்ட்டுக்கும் அலைய நேரிடும்.

4 ஏக்கர் நிலம்

ஒரு உதாரணம் பார்ப்போம். திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூர் பக்கம் ஒரு விவசாயி. தன் சம்பாத்தியத்தில் 4 ஏக்கர் நிலம் வாங்கினார். உயில் எழுதாமல் இறந்து போனார். அவருக்கு மனைவி, 2 மகன்கள், ஒரு மகள். தாயார் முன்பே காலமாகிவிட்டார்.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகள் மூவருக்கும் சம பங்கு. அதாவது ஆளுக்கு ஒரு ஏக்கர் அளவு. மகள் கல்யாணமாகிப் போய்விட்டாலும் அவள் பங்கு போகாது.

ஆனால், நிலத்தைப் பார்த்துக்கொண்டவன் மூத்த மகன். கிஸ்தி கட்டியவனும் அவனே. தாலுகா ஆபீசில் மனு கொடுத்து, பட்டாவைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டான். பிறகு 4 ஏக்கரையும் ஒருவருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டான்.

வாங்கியவருக்குக் கிடைத்தது என்ன? மூத்த மகனின் கால் பங்கு மட்டுமே! அதுவும் பிரிக்கப்படாத பங்கு. இன்ன வரப்புக்குள் என் ஏக்கர் இருக்கிறது என்று அவர் காட்ட முடியாது. தாயும் தம்பியும் தங்கையும் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், மீதி 3 ஏக்கர் அவர்களுக்குத்தான்.

பட்டா எதற்கு?

திண்டுக்கல் சீமை 1792-ம் ஆண்டு திப்பு சுல்தானிடம் இருந்து ஆங்கிலக் கம்பெனி கைக்குப் போயிற்று. பின்னர் ரயத்துவாரி முறை வந்தது. விவசாயியிடம் சர்க்கார் நேரடியாகத் தீர்வை வாங்கும் முறை அது. எந்த நிலத்துக்கு யார் தீர்வை கட்ட வேண்டும் என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் பட்டா.

தீர்வை கட்டியவர் யார் என்பதை அது சொல்லும். நிலம் அவருக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லுவது கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், தானப் பத்திரம், உயில், வாரிசு உரிமை ஆகியவையே.

இதில் ஒரு விலக்கு உண்டு. நிலமற்றவருக்குச் சர்க்கார் தன் நிலத்தை ஒப்படை செய்து கொடுக்கும் பட்டா வேறு வகை. அங்கே நிலம் கொடுப்பதே சர்க்கார்தான். ஆனால் அதில் விற்கக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும்.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

மத்தியப் பிரதேச மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு இதை நன்றாக விளக்குகிறது. ஒரு மூதாட்டி 1998-ம் ஆண்டு தனக்கு உயில் எழுதி வைத்ததாக ஒருவர் சொன்னார். நிலப் பதிவேட்டில் தன் பெயரை ஏற்றும்படி 2011-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி மனு கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், அந்த மூதாட்டி இறந்தது ஆகஸ்டு 27-ந் தேதி! உயிரோடு இருக்கும்போதே அவர் உயிலுக்காக மனு!

கீழ் அதிகாரி பெயரை மாற்றினார். அடுத்த அதிகாரி ரத்து செய்தார். அதற்கு மேல் அதிகாரி மறுபடியும் மாற்றினார். ஐகோர்ட்டு அதையும் ரத்து செய்து, "சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்றது. 2021-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. பதிவேட்டில் உள்ள பெயர் வரி வசூலுக்கு மட்டுமே. அதனால் உரிமை வருவதும் இல்லை, போவதும் இல்லை என்று கூறியது.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். சொந்தம் யாருக்கு என்று தகராறு வந்தால், தாசில்தார் அதைத் தீர்க்க முடியாது. சிவில் கோர்ட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். பட்டா மாறிவிட்டதே என்று தங்கை கலங்க வேண்டியதில்லை. அவள் கோட்டாட்சியரிடம் அப்பீல் செய்யலாம். தன் பங்கை நிலைநாட்டச் சிவில் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கும் போடலாம்.

வாங்குமுன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் மூலப்பத்திரத்தைக் கேளுங்கள். அது யார் பெயரில் இருக்கிறது? பட்டா மகன் பெயரிலும் மூலப்பத்திரம் அப்பா பெயரிலும் இருந்தால், அங்கேதான் உஷார்! நடுவே பாகப்பிரிவினைப் பத்திரமோ, விடுதலைப் பத்திரமோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

சார்பதிவாளர் ஆபீசில் 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். ஆனால் அதுவும் முழுச் சாட்சி ஆகாது. பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். ஒருவர் இறந்ததும், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் அதில் வராது. அதை ஊரில் நாலு பேரிடம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் பட்டா வேண்டாமா? வேண்டும். பத்திரத்தோடு சேர்ந்து நிற்கும்போது, அனுபவத்தைக் காட்ட அது நல்ல சாட்சி. தனியாக நின்றால், அது தீர்வை கட்டியவர் பெயர் எழுதிய காகிதம்தான்.