எண் ஒன்று, சிம் வேறு: திடீரென சிக்னல் போனால்?

மாணவர்களே, இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். இரவு எட்டு மணி. காணொளி பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவின் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் மறைந்து, No Service என்று தெரிகிறது. வைஃபை ஓடிக்கொண்டிருப்பதால் அவர் அதைக் கவனிக்கவில்லை. பத்து நிமிடத்தில் வங்கியிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: ‘உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டது.’ அவரோ எதையும் மாற்றவில்லை. என்ன நடந்திருக்கும்?

நம் கைப்பேசி எண் சிம் அட்டைக்குள்தான் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் ஒரு சிம்மை அடையாளம் காட்டுவது ஐ.எம்.எஸ்.ஐ. எனப்படும் வேறோர் எண். அது பெரும்பாலும் 15 இலக்கம் கொண்டது. ‘இந்தக் கைப்பேசி எண் இந்தச் சிம்முக்கு உரியது’ என்ற பதிவு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. சிம் தொலைந்தாலும் அதே எண்ணைப் புதிய சிம்மில் பெற முடிவது இதனால்தான்.

மோசடிக்காரர்கள் இந்த வசதியையே பயன்படுத்துகிறார்கள். கசிந்த மைகார்டு விவரங்களைக் காட்டி, ‘சிம் தொலைந்துவிட்டது’ என்று சொல்லி, உங்கள் எண்ணுக்குப் புதிய சிம் பெறுகிறார்கள். பதிவு மாறியதும் உங்கள் சிம் செயலிழக்கிறது. வங்கி குறுஞ்செய்தியில் டேக் எண் அனுப்பினால் அது அவர்களுக்குப் போகிறது. உங்கள் கைப்பேசியை அவர்கள் தொடவே தேவையில்லை. சிம்முக்கு நீங்கள் வைத்த பின் எண்ணும் இதைத் தடுக்காது.

2019 ஆகஸ்டு 30ஆம் தேதி டுவிட்டர் நிறுவனத் தலைவர் ஜாக் டோர்சியின் கணக்கிலேயே அவர் எழுதாத பதிவுகள் வந்தன. அவருடைய எண்ணைக் கைப்பற்றியவர்கள் அவற்றைக் குறுஞ்செய்தி வழியாக அனுப்பியிருந்தார்கள்.

சிக்னல் போவதெல்லாம் மோசடி அல்ல. கோபுரக் கோளாறாகவும் இருக்கலாம். முதலில் கைப்பேசியை மறுதொடக்கம் செய்யுங்கள். அதே நிறுவனத்தின் சிம் உள்ள இன்னொரு கைப்பேசியைப் பாருங்கள். அதில் சிக்னல் இருந்தால் சந்தேகம் கூடுகிறது. அதிலிருந்து அம்மாவின் எண்ணை அழையுங்கள். அம்மாவின் கைப்பேசி அமைதியாக இருக்க, மறுமுனையில் மணி ஒலித்தால் எண் வேறு சிம்முக்குப் போயிருக்கலாம். ஒலிக்காவிட்டாலும் நிம்மதி அடைய வேண்டாம். திருடியவர் கைப்பேசியை அணைத்து வைத்திருக்கலாம்.

சிக்னலும் போய், கேட்காத எச்சரிக்கையும் வந்துவிட்டால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். கடவுச்சொல் மாறிவிட்டது என்றால் அடுத்தது பணப் பரிமாற்றம். இன்னொரு கைப்பேசியிலிருந்து முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அடுத்துத் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்து, ‘என் எண்ணுக்குப் புதிய சிம் கொடுக்கப்பட்டதா?’ என்று கேட்டு, அதைத் தடைசெய்யச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் மலேசியாவில் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்க முயல்வார்கள்.

அந்த நேரத்தில் அம்மாவின் கைப்பேசியிலிருந்து அழைக்க முடியாது. ஆகவே இந்த எண்களை இன்றே ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள்.