படத்தோடு சேர்ந்து குனியும் கொலைடர்

கணினி விளையாட்டில் ஒரு வீரன் சுவரில் முட்டி நிற்கும்போது, முட்டுவது நாம் பார்க்கும் உருவம் அல்ல. உருவம் வெறும் படம். விட்டால் சுவருக்குள்ளேயே நடந்துபோய்விடும். அவனைத் தடுப்பது அவனைச் சுற்றியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடு. பெரும்பாலும் நிமிர்த்தி வைத்த கேப்ஸ்யூல் மாத்திரையின் வடிவில் இருக்கும். அதைக் கொலைடர் என்கிறார்கள். வீரன் மேசைக்கு அடியில் நுழைய வேண்டுமானால் படம் குனிந்தால் போதாது, கொலைடரும் குட்டையாக வேண்டும். எந்த நொடியில், எவ்வளவு என்பதுதான் கேள்வி.

1998இல் வந்த ‘ஹாஃப்-லைஃப்’ இதை எளிதாக முடித்துக்கொண்டது. அதில் வீரனின் தடுப்புப் பெட்டி நிற்கையில் 72 அலகு, குனிந்தால் 36 அலகு. இரண்டுக்கும் நடுவே எதுவும் கிடையாது. தரையில் நின்று குனியும்போது, பார்வை மெல்ல இறங்கி முடியும் 0.4 நொடிக்குப் பிறகு பெட்டி ஒரே தாவலில் பாதியாகிவிடும். ஆடுபவருக்குத் தன் உடல் தெரியாத விளையாட்டு என்பதால் அந்தத் தாவல் உறுத்தவில்லை. வீரனை முதுகுப்பக்கமிருந்து பார்க்கும் விளையாட்டுகளில் அது நடக்காது. தலை எங்கே இருக்கிறது, எதில் இடிக்கிறது என்று எல்லாமே தெரிகிறது.

யூனிட்டி மென்பொருளில் ஒரு கணக்கைப் பார்ப்போம். வீரனின் கொலைடர் உயரம் 1.8 மீட்டர், அதன் மையம் தரையிலிருந்து 0.9 மீட்டரில். குனிந்தால் உயரம் 1.1. புதியவர்கள் உயரத்தை மட்டும் மாற்றிவிடுவார்கள். மையம் நகராததால் கொலைடர் மேலும் கீழும் சமமாகச் சுருங்கி, அதன் அடிப்பகுதி தரைக்கு 35 சென்டிமீட்டர் மேலே தொங்கும். ஈர்ப்பு விசை சும்மா இருக்குமா? வீரனைக் கீழே இழுக்கும், அவன் பாதம் மண்ணுக்குள் புதையும். எழும்போது இதுவே தலைகீழாகி, கொலைடர் தரைக்குள் நீண்டு அவனைத் தூக்கியடிக்கும். அதனால் மையம் எப்போதும் உயரத்தில் பாதியாக இருக்க வேண்டும்.

அடுத்தது வேகம். குனிய அரை நொடி ஆகிறது என்றால், அந்த அரை நொடியில் உயரத்தைச் சீராகக் குறைக்கலாம் என்று தோன்றும். ஆனால் மனித உடல் சீராக இறங்குவதில்லை. முதலில் முழங்கால் தயங்கி மடியும், பிறகு இடுப்பு சட்டென்று விழும். கால் நொடியில் சீரான கணக்கு 1.45 என்று சொல்லும்போது, படத்தில் தலை இன்னும் 1.6இல் இருக்கலாம். அந்த 15 சென்டிமீட்டர் உத்தரத்துக்குள் புகுந்து தெரியும்.

தனியாக ஒரு கடிகாரம் வைக்காமல், அனிமேஷனிடமே உயரத்தைக் கேட்டுக்கொள்வது நல்ல வழி. அனிமேஷன் துண்டோடு ஒரு வளைகோட்டைச் சேர்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் தலை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதை அதில் குறிக்கலாம். அனிமேட்டரில் அதே பெயரில் ஒரு அளவுரு இருந்தால், வளைகோட்டின் மதிப்பு தானாக அதில் வந்து விழும். பிறகு வேலை மூன்று வரிதான்:

```
float h = animator.GetFloat("ColliderHeight");
controller.height = h;
controller.center = new Vector3(0f, h * 0.5f, 0f);
```

இதன் பெரிய லாபம் பாதியில் மனம் மாறும்போது தெரியும். குனிந்துகொண்டிருப்பவர் சட்டென்று எழப் பொத்தானை அழுத்தினால், அனிமேட்டர் இரண்டு அசைவுகளையும் கலக்கிறது. வளைகோடுகளையும் அதே விகிதத்தில் கலக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் வேண்டும்: நடப்பது, ஓடுவது, தவழ்வது என்று எல்லா அசைவுக்கும் இந்த வளைகோடு வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் அந்த அசைவின்போது உயரம் தாறுமாறாகலாம்.

எழுவதற்கு முன்னால் மேலே இடம் இருக்கிறதா என்று ஒரு கோளத்தை மேல்நோக்கிச் செலுத்திப் பார்க்க வேண்டும். கூரை தடுத்தால் எழும் அசைவையே தொடங்கக் கூடாது. தொடங்கிய பிறகு கொலைடரை மட்டும் நிறுத்தினால் படம் கூரையைத் துளைத்துக்கொண்டு போகும்.

படுப்பதுதான் உண்மையான தலைவலி. கேப்ஸ்யூலின் உயரம் அதன் குறுக்களவைவிடக் குறைய முடியாது. ஆரம் 0.3 மீட்டர் என்றால் 0.6க்குக் கீழே போகாது, அந்த நிலையில் அது வெறும் பந்து. படுத்த மனிதனோ 1.8 மீட்டர் நீளம். பந்து நெஞ்சுக்கு அடியில் இருக்க, கால்கள் பின்னால் காப்பின்றி நீள்கின்றன; சுவரோரம் திரும்பினால் கால் சுவருக்குள் போய்விடும். யூனிட்டியின் கேரக்டர் கண்ட்ரோலர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கும், அதைச் சாய்க்க வழியில்லை. எனவே படுக்கும் முன்பும், படுத்தபடி திரும்பும்போதும், கிடைமட்டமான ஒரு கற்பனைக் கேப்ஸ்யூலை அந்த இடத்தில் வைத்து, எதிலாவது இடிக்கிறதா என்று தனியாகச் சோதிக்கிறார்கள். இடித்தால் திரும்ப விடுவதில்லை. ஆடுபவருக்கு எரிச்சல்தான், ஆனால் சுவரைத் துளைக்கும் காலைவிட இது மேல் என்பது என் கருத்து.

சோதிக்கும்போது கொலைடரின் கோட்டுருவத்தைத் திரையில் காட்டச் செய்து, நேரத்தைப் பத்தில் ஒரு பங்காக மெதுவாக்கினால் போதும். குனிகையில் தலை கோட்டைத் தாண்டி வெளியே வந்தால் கொலைடர் அவசரப்படுகிறது. தலை நன்றாகத் தாழ்ந்த பிறகும் மேசை விளிம்பு வழிமறித்தால் கொலைடர் பிந்துகிறது.