வெட்டிய படம் மறைப்பதும் முழுப் படம் சொல்வதும்

இந்தியத் தேசிய இராணுவத்தைப் பற்றிய பழைய படங்கள் ஆண்டுதோறும் வாட்ஸ்ஆப் குழுக்களில் வலம் வருகின்றன. சீருடையில் வரிசையாக நிற்கும் வீரர்கள், எதிரே ஓர் அதிகாரி, காலடியில் புல்தரை. இவ்வளவுதான் படம். "இது கோலாலம்பூரில் எடுத்தது" என்பார் ஒருவர். "இல்லை, சிங்கப்பூர்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ரங்கூன் என்று அடித்துச் சொல்வார். வரிசையில் நிற்பவர் நம் தாத்தா என்று ஒரு குடும்பம் நம்பும்போது அது வெறும் வாக்குவாதமாக இருப்பதில்லை. அவர் பர்மா வரை போனாரா, மலாயாவிலேயே இருந்துவிட்டாரா என்ற கேள்வி அந்தப் படத்தில் தொங்குகிறது.

இப்படிப்பட்ட படத்தில் முகங்களை உற்றுப் பார்த்துப் பயனில்லை. சீருடை எல்லா ஊரிலும் ஒன்று, புல்லும் ஒன்று. இடத்தைச் சொல்லக்கூடியவை பின்னணியும் ஓரங்களும்தான். ஆனால் படத்தை வெட்டுகிறவர் முதலில் தள்ளுவது அவற்றைத்தான். அவருக்கு முகம் பெரிதாகத் தெரிய வேண்டும்; மேலே இருக்கும் கூரையும் பக்கத்தில் இருக்கும் தூணும் வீண் இடம்.

சுபாஷ் சந்திர போஸ் 1943 ஜூலை 5-ஆம் நாள் சிங்கப்பூர் பாடாங் திடலில் படையைப் பார்வையிட்டார். அந்தத் திடலின் ஒரு பக்கம் முழுக்க இரண்டு பெரிய கட்டடங்கள். ஒன்று, 1929-இல் கட்டி முடிக்கப்பட்ட நகராண்மைக் கட்டடம். அகலமான படிக்கட்டுக்கு மேல் உயரமான தூண்கள் நெடுக வரிசையாக நிற்கும். மற்றது 1939-இல் திறக்கப்பட்ட உச்ச நீதிமன்றம். அதன் தலையில் ஒரு குவிமாடம். இன்று இரண்டும் சேர்ந்து தேசியக் கலைக்கூடமாக இருப்பதால் யார் வேண்டுமானாலும் நேரில் போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோலாலம்பூர்த் திடலின் பின்னணி முற்றிலும் வேறு: சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், வளைவு வளைவான தாழ்வாரங்கள், நடுவில் மணிக்கூண்டு. முழுப் படம் கையில் இருந்தால் இந்த இரண்டு ஊர்களையும் குழப்பிக்கொள்ள வழியில்லை.

வெட்டிய படத்தில் ஒன்றரைத் தூண் மட்டும் மிஞ்சியிருந்தால் கதை வேறு. வெள்ளைக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடங்களில் தூணுக்குப் பஞ்சமில்லை. பினாங்குத் திடலின் ஓரத்தில் நிற்கும் நகர மண்டபத்திலும் தூண்கள் உண்டு. ஒரு தூணை மட்டும் வைத்துக்கொண்டு சிங்கப்பூர் என்று சொல்வது ஊகம்தான். தூண்களின் வரிசையும், அடியில் இருக்கும் படிக்கட்டும், பக்கத்தில் குவிமாடமும் ஒரே படத்தில் தெரிந்தால் சந்தேகம் தீரும்.

முழுப் படம் இன்னொரு சிக்கலையும் அவிழ்க்கும். பழைய நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறிவிடும். எழுத்துப் பலகை இருந்தால் தலைகீழ் எழுத்தே காட்டிக்கொடுக்கும். அதை வெட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. பாடாங்கில் நின்று அந்தக் கட்டடங்களைப் பார்த்தால் தூண் வரிசைக்கு இடப்பக்கம்தான் குவிமாடம் வரும். படத்தில் அது வலப்பக்கம் இருந்தால் படம் திருப்பி அச்சிடப்பட்டிருக்கிறது. வீட்டுப் படங்களில் இதற்குச் சுலபமான அடையாளம் சேலை: வரிசையில் நிற்கும் எல்லாப் பெண்களுக்கும் முந்தானை வலத் தோளில் கிடந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். முழுப் படம் இடத்தைத்தான் உறுதி செய்யும், நாளை அல்ல. அதே நகராண்மைக் கட்டடத்தில்தான் 1945 செப்டம்பர் 12-இல் ஜப்பானியர் சரணடைந்த சடங்கும் நடந்தது. தூண்களைப் பார்த்ததுமே "நேதாஜி காலம்" என்று முடிவு கட்ட முடியாது.

தோட்டத்துப் படங்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் எது? கோயில் முன்னால் எடுத்த குடும்பப் படத்தைக் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்துக்காகத் தலை, தோள் என்று வெட்டிவிட்டு, நாற்பது வருடம் கழித்து "இது எந்தத் தோட்டம்?" என்று கேட்டால் யார் சொல்வது? வெட்டி எறிந்த பகுதியில் கோயில் வளைவின் பெயர் இருந்திருக்கும், அல்லது தோட்டத்துப் பள்ளியின் பலகை பாதியாவது தெரிந்திருக்கும். பின்னால் சுண்ணாம்புக்கல் குன்று நின்றிருந்தால், கிள்ளான் பக்கத்துச் சமவெளித் தோட்டமா, ஈப்போ வட்டாரமா என்ற கேள்விக்கு அதுவே பெரிய துப்பு.

ஓரத்தில் நிற்கும் லாரியும் அப்படித்தான். எண் பலகையில் A இருந்தால் பேராக், B இருந்தால் சிலாங்கூர், N இருந்தால் நெகிரி செம்பிலான். ஆனால் லாரி ஊர் ஊராக ஓடும். ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டி இன்னொரு மாநிலத்தில் வருடக்கணக்கில் நிற்கும். அதனால் லாரியை மட்டும் நம்பக்கூடாது. லாரியும் குன்றும் பலகையில் தெரியும் நான்கு எழுத்தும் ஒரே ஊரைக் காட்டினால் நம்பலாம். வெட்டிய படத்தில் ஏதோ ஒன்றுதான் தப்பிப் பிழைக்கும். ஒன்றை இன்னொன்றோடு சரிபார்க்க வழியில்லாமல் போய்விடும்.

"எங்களிடம் இருப்பது முழுப் படம்தான், யாரும் வெட்டவில்லை" என்று சொல்பவர்களும் நெகட்டிவைத் தேடுவது நல்லது. சாதாரண 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படம் 36-க்கு 24 மில்லிமீட்டர், அதாவது அகலம் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு. சுவரில் மாட்ட நாம் கேட்டு வாங்கும் 8R அளவு எட்டுக்குப் பத்து அங்குலம். அகலம் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்குதான். தாள் முழுவதும் படம் வர வேண்டுமென்றால் அகலத்தில் ஆறில் ஒரு பங்கை ஸ்டூடியோக்காரர் விட்டாக வேண்டும். அவர்மேல் குற்றமில்லை, தாளின் அளவு அது. ஆனால் விட்டுப்போன அந்த ஆறில் ஒரு பங்கில்தான் பலகை நின்றிருக்கலாம். நெகட்டிவில் அது இன்னும் இருக்கும்.

நெகட்டிவ் இல்லையென்றால், அதே படத்தின் வேறு பிரதி உறவினர் வீட்டில் கிடைக்கலாம். திருமணப் படமோ திருவிழாப் படமோ ஒரே பிரதியோடு நின்றது அபூர்வம். சித்தப்பா வீட்டு ஆல்பத்தில் இருப்பது வெள்ளை விளிம்போடு முழுதாக இருக்கலாம். கிடைத்தால் விளிம்பையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால், அது படம் அச்சான ஊரைக் காட்டும். எடுத்த இடத்தைக் காட்டும் என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் எடுத்த ஃபிலிமைப் பட்டணத்துக் கடையில் கொடுத்துக் கழுவியவர்கள்தானே நாம்.

கைப்பேசியில் வெட்டிய படமாக இருந்தால் பல நேரங்களில் மீட்க முடியும். ஐஃபோனிலும் கூகல் ஃபோட்டோஸிலும் திருத்தும் பக்கத்தில் Revert என்று ஒன்று இருக்கும். வெட்டியவருடைய கைப்பேசியில் அதைத் தொட்டால் பழைய முழுப் படம் திரும்பும். நமக்கு வாட்ஸ்ஆப்பில் வந்து சேர்ந்த பிரதியில் அது நடக்காது. அதனால் "அந்தப் படத்தை மறுபடி அனுப்புங்கள்" என்று கேட்காமல், வெட்டாத மூலத்தை Document ஆக அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது; பலகையில் உள்ள சின்ன எழுத்தும் பெரிதாக்கிப் படிக்கும் அளவுக்கு மிஞ்சும்.

அந்தக் கோப்போடு ஓர் ஊர்ப் பெயரும் சேர்ந்து வரலாம். பழைய தாள் படத்தைக் கைப்பேசியால் எடுத்திருந்தால், அதில் பதிவாவது அதை மேசைமேல் வைத்து எடுத்த வீட்டின் இடம். தாத்தா நின்ற தோட்டம் பேராக்கில் இருக்கும். கைப்பேசி கிள்ளான் என்று காட்டும்.