ஒரு துளிக் குளத்து நீர்

அறிவியல் தினத்தை முன்னிட்டு, ‘உயிரணுக் கோட்பாடு’ பற்றிச் சில கருத்துகளைக் கூற வந்துள்ளேன்.

திரையில் நீங்கள் காண்பது நம் பள்ளிக் குளத்திலிருந்து எடுத்த ஒரு துளி நீர். அதைக் கண்ணாடித் தகட்டில் இட்டு, மெல்லிய கண்ணாடி மூடியைச் சாய்வாகப் பிடித்து மெதுவாக மூடினோம். மூடியைச் சட்டென வைத்தால் காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்ளும். அதோ, தடித்த கறுப்பு வளையம்போல் தெரிகிறதே, அது அப்படிச் சிக்கிய குமிழிதான். அதற்குள் வேறொன்றும் இல்லை.

குமிழியின் அருகே செருப்பின் அடிப்பகுதியைப் போன்ற வடிவில் நீந்துவது பரமீசியம். அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குதான். உடலைச் சுற்றியுள்ள நுண்ணிய இழைகளைத் துடுப்புப்போல் அசைத்து அது விரைந்து செல்லும். அதன் வேகத்தைக் குறைக்கவே துளியில் சில பஞ்சு இழைகளை இட்டுள்ளோம்.

அதன் உடலுக்குள் ஒரு தெளிந்த வட்டம் பெரிதாகிப் பெரிதாகிச் சட்டென மறைவதைக் கவனியுங்கள். குளத்து நீர் இடைவிடாமல் பரமீசியத்திற்குள் ஊறுகிறது. அந்த நீரைச் சேர்த்து வெளியேற்றும் பைதான் அந்த வட்டம். அது வேலை செய்யாவிட்டால் பரமீசியம் உப்பி வெடித்துவிடும். உண்பது, நகர்வது, நீரை வெளியேற்றுவது என எல்லா வேலைகளையும் செய்யும் இவ்வுயிரின் உடல் முழுவதும் ஒரே ஓர் உயிரணுதான்.

தாவரங்கள் உயிரணுக்களால் ஆனவை என்று 1838ஆம் ஆண்டில் ஷ்லைடன் கூறினார். விலங்குகளும் அவ்வாறே என்று மறு ஆண்டு ஷ்வான் கூறினார். ஆனால், புதிய உயிரணு எங்கிருந்து வருகிறது? நீரில் உப்புப் படிகம் உருவாவதுபோல அது புதிதாகத் தோன்றுகிறது என்றே இருவரும் எண்ணினர். அக்கருத்து நிலைக்கவில்லை. ஓர் உயிரணுவிலிருந்தே மற்றோர் உயிரணு தோன்றும் என்று 1855இல் விர்கோ வலியுறுத்தினார்.

அதற்கான சான்றும் இத்துளியிலேயே உள்ளது. வலப்பக்க மூலையில் ஒரு பரமீசியத்தின் நடுப்பகுதி இடுப்புப்போல் ஒடுங்கியிருக்கிறது. அது இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. இரண்டு பரமீசியங்கள் பக்கவாட்டில் ஒட்டியிருந்தால் அது பிரிதல் அன்று. அவை மரபுப் பொருளைப் பரிமாறிக்கொள்கின்றன. இங்கோ, ஒன்றன்பின் ஒன்றாக இரு பாதிகள் தெரிகின்றன. சிறிது நேரத்தில் அந்த ஓர் உயிரணு இருந்த இடத்தில் இரண்டு நீந்தும்.

உயிரினங்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை. உயிரின் அடிப்படை அலகு உயிரணுவே. உயிரணுவிலிருந்தே உயிரணு தோன்றும். இம்மூன்றும் சேர்ந்ததே உயிரணுக் கோட்பாடு.