வளவு ஒன்று, அடுப்பு மூன்று

பக்கத்துப் பகுதிக்குப் புதுக் குடித்தனம் வருகிறது. சாமான் வண்டி வாசலில் நிற்கிறது. முதல் நாள் அவர்களுக்கு நீங்கள் என்ன கொடுப்பீர்கள்? "ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி" என்பீர்கள். பேஷாகக் கொடுங்கள். ஆனால் காப்பியோடு ஒரு தாளையும் கொடுத்துவிடுங்கள். காப்பியின் ருசி அன்று மாலைக்குள் மறந்துவிடும். தாள் இல்லாத குறையோ மூன்றாம் மாதம் தண்ணீர்த் தொட்டியடியில் தெரியும்!

புதுக்கோட்டைக்குத் தெற்கே அரிமளம் இருக்கிறது. நகரத்தார் ஊர்களில் ஒன்று. அங்கேயும் சுற்று வட்டாரத்திலும் உள்ள பழைய வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? முகப்பைத் தாண்டினால் வளவு, நடுவே வானம் தெரிகிற முற்றம், சுற்றிலும் அறைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. கல்யாணமானவுடன் அந்தத் தம்பதியைப் பெற்றோரே 'வேறு வைத்து' விடுவார்கள். வேறு என்றால் வேறு வீடு அல்ல, வேறு அடுப்பு. அரிசி, பருப்பு, செலவுக்குப் பணம் எல்லாவற்றையும் அளந்து கொடுத்து, "இனி உங்கள் சமையல் உங்களுடையது" என்று சொல்லிவிடுவார்கள். கூரை ஒன்று, முற்றம் ஒன்று. அடுப்பு மட்டும் பல.

ஒரே முற்றத்தில் பல அடுப்பு எரிந்தும் குடும்பம் எப்படி நடந்தது? யாருக்கு எந்த அறை, எந்தச் செலவு பொது, எது தனி என்பதெல்லாம் வழக்கத்திலேயே தீர்மானமாகி இருந்தது. சந்தேகம் வந்தால் சொல்ல ஆச்சி இருந்தார்கள்.

பர்மாவிலும் மலேயாவிலும் நடந்த வியாபாரம் 1942-ல் யுத்தத்தோடு நிலைகுலைந்தது. பிற்பாடு பிள்ளைகள் பட்டணத்துக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போனார்கள். இப்படிப்பட்ட வீட்டின் ஒரு பகுதியைப் பூட்டிவைத்து, மறு பகுதியை வாடகைக்கு விடுவதும் உண்டு. ஒரு பங்காளிக் குடும்பத்துக்காகக் கட்டிய வளவில், முன்பின் அறியாத மூன்று குடும்பங்கள் இருந்தால் என்ன ஆகும்? வழக்கம் தெரிந்த ஆச்சி இல்லை. அவர் செய்த வேலையை அந்தத் தாள்தான் செய்ய வேண்டும்.

தாளில் என்ன எழுதுவது? "தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கவும்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. சிக்கனம் என்பது அவரவருக்கு ஓர் அளவு. நாள், நேரம், அளவு மூன்றும் இருந்தால்தான் அது விதி. மூன்று குடித்தனம், மொத்தம் 11 பேர் இருக்கிற ஒரு வீட்டை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

தண்ணீர்க் கணக்கு

மாடியில் 1000 லிட்டர் தொட்டி. ஒரு நாளைக்கு ஒரு தடவை நிரம்புகிறது என்றால், ஆளுக்குச் சுமார் 90 லிட்டர். பதினைந்து லிட்டர் வாளியில் ஆறு வாளி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 'ஆளுக்கு ஆறு வாளி' என்று சொல்லிப் பாருங்கள்; குழந்தைக்குக்கூடப் புரியும்.

ஆறு வாளியைக் கவிழ்த்துவிடுவது எது தெரியுமா? துணி துவைக்கும் இயந்திரம். மேலே மூடி திறக்கிற ரகம், ஒரு தடவை நிறையத் துணி போட்டு ஓட்டினால் 100 லிட்டருக்கு மேலேயே குடித்துவிடும். ஒரே காலையில் இரண்டு வீட்டில் ஓடினால் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. பத்து மணிக்குக் குளிக்கப் போகிறவருக்குக் குழாயில் காற்றுதான் வரும். ஆகவே கிழமை பிரித்துவிடுங்கள். முதல் குடித்தனத்துக்குத் திங்களும் வியாழனும். இரண்டாவதற்குச் செவ்வாயும் வெள்ளியும். மூன்றாவதற்குப் புதனும் சனியும்.

இவ்வளவு செய்தும் தொட்டி காலியானால், ஒருவரையொருவர் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஒழுக்கைச் சந்தேகியுங்கள். இரவு எல்லாரும் படுத்த பிறகு தொட்டியில் நீர்மட்டத்துக்கு ஓர் அடையாளம் போட்டு, விடியற்காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிதான் குற்றவாளி. அதற்குள் நாலு சொட்டு நீலம் விட்டுவிட்டுக் கால் மணி நேரம் யாரும் தண்ணீர் இழுக்காமல் இருங்கள். கீழே கிண்ணத்தில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மின்சாரக் கணக்கு

மூன்று குடித்தனத்துக்கும் ஒரே மீட்டர் என்றால், பில்லை மூன்றாகப் பிரிப்பது சுலபம், நியாயம் அல்ல. விசிறி மட்டும் உள்ள வீடும், குளிர்பதனப் பெட்டியும் இஸ்திரிப் பெட்டியும் ஓடுகிற வீடும் ஒன்றா? ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் உள்மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். பிரதான மீட்டரைக் குறிக்கிற அதே நாளில் உள்மீட்டர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். நாள் மாறினால் கணக்கும் மாறிவிடும்.

இரண்டு மாதத்துக்குப் பிரதான மீட்டர் 430 யூனிட் காட்டுகிறது. பில் 1290 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்குச் சராசரி 3 ரூபாய். உள்மீட்டர்கள் 110, 150, 120, கூட்டினால் 380. மீதி 50 யூனிட் எங்கே? தண்ணீர் மோட்டார், வளவு விளக்கு, வாசல் விளக்கு. அது பொதுச் செலவு. அந்த 150 ரூபாயை ஆளுக்கு 50 ரூபாயாகப் போட்டுக்கொண்டால், மூன்று குடித்தனமும் முறையே 380, 500, 410 ரூபாய் கொடுக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், 1290 சரியாக வரும்.

இந்தப் பொதுக் கணக்கின்மேல் ஒரு கண் வைத்திருங்கள். வழக்கமாக 50 யூனிட் வருவது திடீரென்று 120 ஆனால் ஏதோ கோளாறு. மோட்டாரையும் பொது விளக்குகளையும் அணைத்து, மூன்று பகுதியின் மெயின் சுவிட்சையும் இறக்கிவிட்டுப் பிரதான மீட்டரைப் பாருங்கள். அதிலுள்ள சின்னச் சிவப்பு விளக்கு அப்போதும் விட்டுவிட்டு மின்னினால், எங்கோ மின்சாரம் கசிகிறது அல்லது உள்மீட்டரைத் தொடாமல் ஒரு கம்பி போகிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டம்மாளைக் கூப்பிட வேண்டாம்!

சுவரும் தரையும்

சுண்ணாம்பை அரைத்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்தே ஆக வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மெருகு ஒரு தடவை விண்டால் அதே மெருகை ஒட்டுப் போட முடியாது. சிமெண்டை அப்பினாலோ ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சுற்றியுள்ள பூச்சும் உதிரும். படம் மாட்ட வேண்டுமானால் மரத்தூணில் கயிறு கட்டித் தொங்கவிடலாம். தரையை ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது. ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் மணலும் வண்ணப்பொடியும் சேர்த்துக் கையால் வார்த்தது. சிமெண்டை ஆசிட் தின்றுவிடும். பூ வேலை மங்கிப் போகும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும்.

ரிப்பேர் யாருடையது?

இதற்கு இப்போது சட்டமே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017-ல் நிறைவேறிய வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், கட்டடப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலை எல்லாம் வீட்டுக்காரரைச் சேர்ந்தவை. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு இவையெல்லாம் குடியிருப்பவரைச் சேர்ந்தவை. பழுது பார்க்க வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுதித் தெரிவிக்க வேண்டும். தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த அவருக்கு அதிகாரம் கிடையாது.

ஆனால் சட்டம் ஒரு குடித்தனத்துக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே உள்ளதைத்தான் சொல்கிறது. முற்றத்துச் சாக்கடையை மூன்று குடித்தனத்தில் யார் சுத்தம் செய்வது என்று அது சொல்லாது. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து ஒரே துவாரத்தின் வழியாக வெளியேறுகிற வீட்டில் இது சின்ன விஷயமல்ல. வாழையிலைத் துணுக்கும் உதிர்ந்த தலைமுடியும் சேர்ந்தால் துவாரம் அடைபடும். ஐப்பசி மழையில் தண்ணீர் அறைக்குள் ஏறும். முறை போடுவதற்கு இதுவே முதல் காரணம்.

இனி தாளுக்கு ஒரு மாதிரி. உங்கள் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

"வாருங்கள். நீங்கள் நாலு பேரும் சேர்ந்து இந்த வளவில் இனி 11 பேர்.

தொட்டித் தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு வாளி. மோட்டார் காலை 6 மணிக்குப் போடுவோம். அந்த வாரத்து முறைக்காரர் அணைப்பார். உங்களுக்குத் துணி துவைக்கும் நாள் புதனும் சனியும்.

முற்றம், சாக்கடைத் துவாரம், வாசல் மூன்றையும் சுத்தம் செய்வது வாரம் ஒரு குடித்தனம். ஞாயிறன்று முறை மாறும். வாசலில் கோலமும் அதே முறையில்தான். ஒரு வீட்டில் துக்கமென்றால் அடுத்த வீடு அந்த முறையை ஏற்கும்; யாரும் கேட்க வேண்டியதில்லை.

மீட்டரை மூன்று பேரும் சேர்ந்து பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்திடுவோம். பில் வந்த ஐந்து நாளில் பணம்.

சுவரில் ஆணி வேண்டாம்; தரையில் ஆசிட் வேண்டாம்.

வாசற்கதவு இரவு 10 மணிக்குத் தாழிடப்படும். தாமதமானால் முன்கூட்டிச் சொல்லுங்கள், முறைக்காரர் விழித்திருப்பார்.

குறை ஏதாவது இருந்தால் மூன்றாவது வீட்டில் சொல்லாமல் நேரே எங்களிடம் சொல்லுங்கள். நாங்களும் அப்படியே செய்வோம். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை வளவில் கூடிப் பேசுவோம். இந்தத் தாளில் எது சரிப்படவில்லையோ, அன்று மூவரும் சேர்ந்து மாற்றலாம்."

இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். நீண்டால் யாரும் படிக்கமாட்டார்கள். மூன்று பிரதி எடுத்து, ஆளுக்கொன்றாக அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். வாசலில் ஒட்டினால் வருகிற விருந்தாளியெல்லாம் படித்துவிட்டு, "அப்படியா, இங்கே கோலத்துக்குக்கூட முறையா?" என்று கேட்பார்கள். அந்தப் பதிலைச் சொல்ல யாருக்கு முறை என்று வேறு எழுதவேண்டி வரும்!