போட்டோஷாப்பில் ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்புதலும் வேகக் குறைவும்

ஸ்க்ராட்ச் டிஸ்க் என்பது, போட்டோஷாப் தனக்குக் கிடைத்த ரேம் நினைவகம் போதாதபோது, வேலை நடந்துகொண்டிருக்கும் படத்தின் தரவைத் தற்காலிகமாக எழுதி வைக்கும் வட்டு இடமாகும். ரேம் என்பது மேசையின் மேற்பரப்பு என்றால், இது மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்ட ஸ்டூல். மேசையில் இடம் இருக்கும்வரை ஸ்டூல் பக்கம் போகத் தேவையில்லை. மேசை நிறைந்துவிட்டால் ஒவ்வொரு காகிதத்துக்கும் திரும்பித் திரும்பிக் கை நீட்ட வேண்டும். ஸ்டூலும் நிறைந்துவிட்டால் வேலையே நின்றுவிடும். அப்போதுதான் திரையில் பலருக்கும் பழக்கமான இந்த வரி தோன்றுகிறது:

```
Could not complete your request because the scratch disks are full.
```

இந்தச் செய்தி கோப்பைச் சேமிக்கும்போதும் வரக்கூடும். மூன்று மணி நேர வேலை திரையில் இருக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை என்ற நிலை அது. ஆகவே இதை வெறும் வேகப் பிரச்சினையாக மட்டும் பார்க்க முடியாது.

இடம் எப்படித் தீர்கிறது

திருமண ஆல்பம் வடிவமைப்பவர்களுக்கு 12×36 அங்குலத் தாள் அன்றாடம் பழகியது. அதை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் திறந்தால் 3,600 × 10,800, அதாவது 3 கோடியே 88 லட்சத்து 80 ஆயிரம் புள்ளிகள் கிடைக்கும். எட்டு பிட் ஆர்ஜிபி படத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட். ஆக, எந்த லேயரும் சேர்க்காத வெறும் தாளுக்கே ஏறத்தாழ 11.66 கோடி பைட் தேவை. போட்டோஷாப் இதை 111.2M என்று காட்டும். பதினாறு பிட்டுக்கு மாற்றினால் இது இரண்டு மடங்காகும்.

இது பெரிய அளவாகத் தோன்றாது. உண்மையில் இடத்தைத் தின்பது ஹிஸ்டரி எனப்படும் பின்வாங்கும் வசதி. அண்மைய பதிப்புகளில் இயல்பாக 50 நிலைகள் நினைவில் வைக்கப்படுகின்றன. சிறிய தூரிகைக் கோடு ஒன்று போட்டால், அந்தக் கோடு பட்ட பகுதி மட்டுமே புதிதாகச் சேமிக்கப்படும். அது பாரமில்லை. ஆனால் முழுத் தாளுக்கும் ஒரு பிளர் போட்டாலோ, நிறத்தை மாற்றினாலோ, மொத்தத் தாளின் ஒரு பிரதி ஹிஸ்டரியில் போய் அமர்கிறது. அப்படி இருபது முறை செய்தால் 2 ஜிபிக்கு மேல் ஆகிவிடும். இதுபோன்ற நான்கு தாள்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தால் கணக்கு எங்கே போகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இதனால்தான், வட்டில் இருக்கும் கோப்பின் அளவைப் பார்த்து ஸ்க்ராட்ச் தேவையைக் கணிக்க முடியாது. 40 எம்பி கோப்புதானே, இதற்கு எதற்கு 15 ஜிபி இடம் என்று கேட்பவர்கள் உண்டு. சுருக்கிச் சேமிக்கப்பட்ட கோப்பு வேறு. திறந்து விரிந்து, பழைய நிலைகளையும் சுமந்து நிற்கும் படம் வேறு.

முதலில் நோயறிதல்

கணினி மெதுவானவுடன் கண்ணில் படும் தற்காலிகக் கோப்புகளையெல்லாம் அழிப்பதுதான் பலரும் செய்வது. அதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. படச் சாளரத்தின் கீழ் விளிம்பில், ஆவண அளவு தெரியும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்தினால் Efficiency, Scratch Sizes என்ற இரு தேர்வுகள் கிடைக்கும்.

Efficiency 100% என்று காட்டினால், வேலை முழுவதும் ரேமிலேயே நடக்கிறது என்று பொருள். அதற்குக் கீழே இறங்கினால், நேரத்தின் ஒரு பகுதி வட்டில் எழுதுவதிலும் படிப்பதிலும் கழிகிறது. 100%லேயே நின்றும் மந்தமாக இருக்கிறதென்றால் ஸ்க்ராட்ச் டிஸ்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை. செயலி, கிராஃபிக்ஸ் கார்டு, பிளக்இன் போன்றவற்றில் காரணத்தைத் தேட வேண்டும். இந்த ஓர் எண்ணைப் பார்க்காமல் புது வட்டு வாங்கிப் போட்டு, எந்த மாற்றமும் தெரியாமல் ஏமாந்தவர்கள் பலர்.

Scratch Sizes இரண்டு எண்களைக் காட்டும். இடப்பக்கம் உள்ளது, திறந்திருக்கும் எல்லாப் படங்களுக்குமாகச் சேர்த்துப் பயன்படும் அளவு. வலப்பக்கம் உள்ளது, போட்டோஷாப்புக்குக் கிடைத்துள்ள ரேம். இடப்பக்க எண் பெரிதாகும்போது மிச்சம் வட்டுக்குப் போகிறது.

ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம்

8 ஜிபி ரேம், C: என்ற பெயரில் 256 ஜிபி எஸ்எஸ்டி, D: என்ற பெயரில் 1 டிபி சுழல் ஹார்ட் டிஸ்க். சிறு ஸ்டூடியோக்களில் சாதாரணமாகக் காணக்கூடிய அமைப்பு இது. C:யில் 11 ஜிபிதான் மிச்சம். அதனால் ஸ்க்ராட்ச் டிஸ்க்காக D: தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. ஆல்பம் வேலையின் நடுவே Scratch Sizes 9.40G/4.50G என்றும், Efficiency 60% அளவிலும் நிற்கிறது. ஒவ்வொரு பிளருக்கும் ஹார்ட் டிஸ்க் கரகரக்கிறது.

முதல் வேலை, தேவையற்ற படங்களை மூடுவது. தாளில் ஒட்டுவதற்காகத் திறந்த மூலப் புகைப்படங்கள் பெரும்பாலும் மூடப்படாமல் பின்னால் கிடக்கும். 24 மெகாபிக்சல் படம் ஒவ்வொன்றும் விரிந்த நிலையில் ஏறத்தாழ 70 எம்பியும், தன் ஹிஸ்டரியும் சேர்த்து இடத்தைப் பிடித்திருக்கும்.

அடுத்தது Edit > Purge > Histories. இதை அழுத்துமுன் கோப்பைச் சேமித்துவிட வேண்டும். ஏனெனில் திறந்திருக்கும் எல்லாப் படங்களின் பழைய நிலைகளும் ஒரேயடியாகப் போய்விடும், திரும்ப வராது. வாடிக்கையாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய கட்டத்தில் இதைச் செய்வது நல்லது. பாதி யோசனையில் இருக்கும்போது செய்யக் கூடாது. பின்வாங்கும் நிலைகளை நிரந்தரமாகக் குறைக்க Edit > Preferences > Performance பகுதியில் History States எண்ணை 20 ஆக்கலாம். அதே பக்கத்தில் ரேம் பங்கு இயல்பாக 70% என்று இருக்கும். அதை 95%க்கு ஏற்றிவிட்டால் வேகம் கூடும் என்று நினைப்பது தவறு. விண்டோஸுக்கு ரேம் இல்லாமல் போய், அதுவும் வட்டில் எழுதத் தொடங்கினால் இருந்த வேகமும் போய்விடும். இங்கே எடுத்துக்கொண்ட 8 ஜிபி கணினியில் உண்மையான தீர்வு இன்னொரு 8 ஜிபி ரேம் சேர்ப்பதுதான். அது முடியாதவர்களுக்கே மற்ற வழிகள்.

எஞ்சிப்போன தற்காலிகக் கோப்புகள்

முறையாக மூடும்போது போட்டோஷாப் தன் ஸ்க்ராட்ச் கோப்புகளைத் தானே அழித்துவிடும். மின்தடையிலோ, நிரல் உறைந்துபோய் வலுக்கட்டாயமாக மூடும்போதோ அவை அப்படியே தங்கிவிடுவதுண்டு. ஒவ்வொன்றும் பல ஜிபி இருக்கலாம். போட்டோஷாப்பை மூடிவிட்டு, பவர்ஷெல்லில் இப்படிப் பார்க்கலாம்:

```powershell
Get-ChildItem $env:TEMP -Filter "Photoshop Temp*" -Force |
  Select-Object Name, Length, LastWriteTime
```

ஸ்க்ராட்ச் டிஸ்க் வேறு டிரைவில் இருந்தால் `$env:TEMP` என்பதற்குப் பதிலாக `D:\` என்று கொடுக்க வேண்டும். பழைய தேதியுடன் பெரிய கோப்புகள் தெரிந்தால் அவற்றை அழித்துவிடலாம்.

ஆனால் நிரல் இப்போதுதான் செயலிழந்தது என்றால் உடனே துடைப்பத்தை எடுக்கக் கூடாது. போட்டோஷாப் தானியங்கி மீட்புப் பிரதிகளை, இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, AutoRecover என்ற தனிக் கோப்புறையில் சேமிக்கிறது. முதலில் போட்டோஷாப்பைத் திறந்து, மீண்டு வரும் படத்தைப் புதுப் பெயரில் சேமித்து, மூடி, அதன் பிறகே சுத்தம் செய்ய வேண்டும். இடம் இல்லாமல் போட்டோஷாப் திறக்கவே மறுத்தால், தொடங்கும்போதே Ctrl, Alt விசைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஸ்க்ராட்ச் டிஸ்க்கை மாற்றும் சிறு சாளரம் வரும். மேக் கணினியில் Command, Option விசைகள்.

கேஷ் என்பது இவற்றிலிருந்து வேறானது. கேமரா ரா, பிரிட்ஜ் ஆகியவை படங்களின் முன்னோட்டங்களை விரைவாகக் காட்டுவதற்காக வைத்திருக்கும் சேமிப்பு அது. அவற்றின் அமைப்புப் பகுதிகளில் உள்ள பொத்தான்களால் அதை அழிக்கலாம். அழித்தால் படங்களுக்கு எந்தக் கேடும் இல்லை. ஆனால் அடுத்த முறை அதே கோப்புறையைத் திறக்கும்போது எல்லா முன்னோட்டங்களும் மறுபடி உருவாக வேண்டும். முடிந்துபோன வேலைகளின் கேஷை மாதம் ஒருமுறை நீக்குவது சரி. தினமும் நீக்குவது தனக்குத் தானே வேலை வைத்துக்கொள்வது.

விண்டோஸின் Temporary files பட்டியலைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது, அதில் Downloads என்ற பெயரும் இருக்கும். அதில் குறியிட்டுவிட்டால், வாடிக்கையாளர் அனுப்பி நீங்கள் இறக்கி வைத்திருக்கும் படங்களும் சேர்ந்து போய்விடும். கையால் அழித்த கோப்புகளோ, மறுசுழற்சித் தொட்டியைக் காலி செய்யும்வரை இடத்தைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும்.

எந்த வட்டு

சுழல் ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படித்தால் நொடிக்குச் சுமார் 100 முதல் 200 எம்பி வரை தரும். சாட்டா எஸ்எஸ்டி சுமார் 500 எம்பி. என்விஎம்இ எஸ்எஸ்டி சில ஆயிரம் எம்பி. இதைவிடப் பெரிய வேறுபாடு துண்டு துண்டாகப் படிப்பதில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் ஊசி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரவே ஏறத்தாழ பத்து மில்லி நொடி ஆகும்; எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. போட்டோஷாப் படத்தைச் சிறு ஓடுகளாகப் பிரித்து எழுதிப் படிப்பதால் இந்தத் தாமதம் கூடிக்கொண்டே போகிறது.

விண்டோஸ் இருக்கும் வட்டை ஸ்க்ராட்ச்சுக்குக் கொடுக்காதே என்று பழைய கையேடுகள் சொல்லும். இரண்டுமே ஹார்ட் டிஸ்க்காக இருந்த காலத்தில் அது சரியான அறிவுரை. இன்று, விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டிக்கும் தனியான ஹார்ட் டிஸ்க்குக்கும் இடையே தேர்வு என்றால், போதிய காலி இடம் இருக்குமானால் எஸ்எஸ்டியே மேல். தனியாக இரண்டாவது எஸ்எஸ்டி போட முடிந்தால் அது எல்லாவற்றிலும் நல்லது. ஒரே வட்டை இரண்டாகப் பிரித்து D: என்று பெயரிட்டால் அது இன்னொரு வட்டு ஆகிவிடாது. டாஸ்க் மேனேஜரின் Performance பகுதியில் Disk 0 (C: D:) என்று இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால், அவை ஒரே வட்டின் இரு பகுதிகள்தான். பென்டிரைவ், நெட்வொர்க் வழி இணைந்த வட்டு ஆகியவற்றை ஸ்க்ராட்ச்சுக்குப் பயன்படுத்தவே கூடாது. நடுவில் இணைப்பு அறுந்தால் திறந்திருக்கும் வேலையும் அதோடு போகக்கூடும்.

மேலே சொன்ன ஸ்டூடியோ கணினியில், முடிந்த ஆல்பங்களை C:யிலிருந்து D:க்கு நகர்த்தி, எஞ்சிய தற்காலிகக் கோப்புகளை அழித்தால் C:யில் 60 ஜிபியாவது விடுபட வாய்ப்புண்டு. பிறகு Edit > Preferences > Scratch Disks பகுதியில் C:ஐ முதலிடத்திலும் D:ஐ இரண்டாமிடத்திலும் குறிக்க வேண்டும். அம்புக்குறிகளால் வரிசையை மாற்றலாம். முதல் வட்டு நிறைந்தால் போட்டோஷாப் இரண்டாவதற்குப் போகும்; வேகம் குறையுமே தவிர வேலை நிற்காது. மாற்றம், நிரலை மூடித் திறந்த பிறகே நடைமுறைக்கு வரும். இதற்குப் பிறகும் Efficiency 100%ஐத் தொடாது, ஏனெனில் ரேம் அதே 8 ஜிபிதான். ஆனால் வட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும். C:யில் மறுபடி 20 ஜிபிக்குக் கீழே இறங்குகிறதா என்பதை வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். நிறையும் தறுவாயில் உள்ள எஸ்எஸ்டி எழுதும் வேகத்திலும் பின்தங்கும்.